60-உம் 118-உம் சேர்ந்தால் ஏன் 89 வருவதில்லை: V/Q பொருத்தமின்மையைக் கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

நுரையீரலின் ஒரு பாதியிலிருந்து PO2, அதாவது ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், 60 மி.மீ. பாதரசம் உள்ள ரத்தம் வருகிறது. மறு பாதியிலிருந்து 118 உள்ள ரத்தம் வருகிறது. இரண்டும் ஒரே அளவு. கலந்தபின் தமனி ரத்தத்தின் PO2 என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் வகுப்பில் பாதிப் பேர் நோட்டின் ஓரத்தில் 60-ஐயும் 118-ஐயும் கூட்டி, இரண்டால் வகுத்து, 89 என்று எழுதிவிடுவார்கள். சரியான விடை 74-ஐ ஒட்டி வரும். நடுவில் காணாமல் போன அந்த 15 மி.மீ. பாதரசம் எங்கே போனது என்று சொல்லத் தெரிந்தால் V/Q பொருத்தமின்மையின், அதாவது காற்றோட்டமும் ரத்த ஓட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தாத நிலையின், பெரும்பகுதி புரிந்துவிட்டது என்று அர்த்தம். புத்தகத்தில் வரும் வளைகோட்டுப் படத்தை மனப்பாடம் செய்து பயனில்லை. ஒரு முறையாவது கையால் கணக்குப் போட வேண்டும். பேப்பர், பென்சில், ஒரு கால்குலேட்டர் போதும்.

முதல் படி: தேவையான இரண்டு சூத்திரங்களும் ஓர் அட்டவணையும்

V என்பது ஒரு நிமிடத்தில் காற்றறைகளுக்குப் போய்ச்சேரும் காற்று. Q என்பது ஒரு நிமிடத்தில் அவற்றைச் சுற்றி ஓடும் ரத்தம். ஓய்வாக இருக்கும் ஒருவருக்கு V சுமார் 4 லிட்டர், Q சுமார் 5 லிட்டர், விகிதம் 0.8. ஆனால் இது முழு நுரையீரலுக்கான மொத்தக் கணக்குதான். ஒவ்வொரு காற்றறைக்கும் தனித்தனி விகிதம் உண்டு. அந்தத் தனி விகிதம்தான் அந்த அறையை விட்டு வெளியேறும் ரத்தத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

முதல் சூத்திரம் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் அளவு. 100 மி.லி. ரத்தத்தில் எத்தனை மி.லி. ஆக்சிஜன் என்று இது சொல்கிறது:

```
O2 அளவு = 1.34 × Hb × Sat + 0.003 × PO2
```

Hb என்பது 100 மி.லி. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், Sat என்பது அதில் ஆக்சிஜன் நிரம்பிய பங்கு. ஹீமோகுளோபின் 15 கிராம் என்று வைத்துக்கொண்டால் 1.34 × 15 = 20.1. ஹீமோகுளோபின் முழுதாக நிரம்பினால் சுமக்கக்கூடிய உச்சம் அவ்வளவுதான். இனி இந்த அளவைச் சுருக்கமாக C என்றே குறிப்பிடுகிறேன். ஆக்சிஜன் பிணைப்பு வளைகோட்டிலிருந்து நமக்கு வேண்டிய புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்:

```
PO2     Sat %    C
 40     75.0    15.2
 50     84.0    17.0
 60     90.0    18.3
 70     93.5    19.0
 80     95.5    19.4
100     97.5    19.9
120     98.3    20.1
```

இந்த அட்டவணையை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். PO2 40-இலிருந்து 60-க்கு ஏறும்போது 3.1 மி.லி. கூடுகிறது. அதே 20 படிகள் 100-இலிருந்து 120-க்கு ஏறும்போது கூடுவது வெறும் 0.2. காணாமல் போன 15 மி.மீ. இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது சூத்திரம் ஒரு காற்றறையின் V/Q-ஐயும் அதன் PO2-ஐயும் இணைக்கிறது. அறைக்குள் காற்று கொண்டுவந்து கொடுத்த ஆக்சிஜனும் ரத்தம் எடுத்துக்கொண்டு போன ஆக்சிஜனும் சமமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் இதன் பொருள்:

```
V/Q = 8.63 × (Cc − Cv) / (PIO2 − PAO2)
```

Cc என்பது அந்த அறையை விட்டு வெளியேறும் தந்துகி ரத்தத்தின் அளவு, Cv என்பது உள்ளே வரும் கலப்புச் சிரை ரத்தத்தின் அளவு. PAO2 என்பது காற்றறையின் PO2. PIO2 என்பது ஈரமாகி உள்ளே வரும் காற்றின் ஆக்சிஜன் அழுத்தம். கடல் மட்டத்தில் 0.21 × (760 − 47), அதாவது 150. 8.63 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். காற்றை உடல் வெப்பத்தில் அளக்கிறோம், ரத்தத்தில் உள்ள வாயுவை 0 டிகிரிக்கு மாற்றி அளக்கிறோம். இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் எண் 760 × 310 / 273 = 863. லிட்டர், 100 மி.லி. என்ற அலகுகளைச் சரிக்கட்டினால் 8.63 ஆகிறது. உள்ளிழுக்கும் காற்றும் வெளிவிடும் காற்றும் ஒரே கனஅளவு என்று இங்கே வைத்துக்கொள்கிறோம். அது முழுச் சரி இல்லை, ஆனால் நம் கணக்குக்கு அந்தப் பிழை சிறியது.

சோதித்துப் பாருங்கள். PAO2 100 என்று போட்டால் 8.63 × (19.9 − 15.2) / (150 − 100) = 0.81. இயல்பான நுரையீரலின் 0.8 தானாகவே வந்துவிட்டது.

இரண்டாம் படி: நுரையீரலை இரண்டாகப் பிரிப்போம்

மொத்தக் காற்றும் மொத்த ரத்தமும் அதே 4 லிட்டர், 5 லிட்டர். அ, ஆ என்று இரண்டு பகுதிகள். ரத்தம் இரண்டுக்கும் சமமாக 2.5 லிட்டர் போகிறது. ஆனால் அ பகுதியின் மூச்சுக்குழல்கள் ஆஸ்துமாவால் சுருங்கிச் சளி அடைத்திருப்பதால் அதற்குக் கிடைப்பது 0.73 லிட்டர் காற்றுதான். மீதி 3.27 லிட்டர் ஆ பகுதிக்குப் போய்விடுகிறது. ஆக, அ-வின் V/Q 0.29, ஆ-வின் V/Q 1.31.

ஒட்டுமொத்த விகிதம் இன்னும் 0.8 தான் என்பதைக் கவனியுங்கள். மொத்தத்தில் ஒரு சொட்டுக் காற்றும் குறையவில்லை, ஒரு சொட்டு ரத்தமும் குறையவில்லை. பங்கீடுதான் கெட்டிருக்கிறது.

இப்போது அ பகுதியின் PO2-ஐக் கண்டுபிடிக்க வேண்டும். சூத்திரத்தில் Cc-யும் PAO2-உம் ஒன்றை ஒன்று சார்ந்திருப்பதால் நேரடியாகத் தீர்க்க முடியாது. ஓர் எண்ணை ஊகித்துப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

```
PAO2 50:  8.63 × (17.0 − 15.2) / 100 = 0.16
PAO2 70:  8.63 × (19.0 − 15.2) /  80 = 0.41
PAO2 60:  8.63 × (18.3 − 15.2) /  90 = 0.30
```

நமக்கு வேண்டியது 0.29. எனவே அ பகுதியின் PO2 60. இதே போல ஆ பகுதிக்கு 120 போட்டால் 1.41, 115 போட்டால் 1.20 வருகிறது; 1.31-க்குப் பொருந்துவது 118. அதன் C 20.1.

மூன்றாம் படி: கலப்பது

இங்கேதான் எல்லோரும் சறுக்குவது. இரண்டு ரத்தம் கலக்கும்போது கூடுவது ஆக்சிஜனின் அளவு, அழுத்தம் அல்ல. அழுத்தம் என்பது கலந்து முடிந்தபின் வளைகோட்டில் போய்ப் படிக்க வேண்டிய விளைவு.

```
CaO2 = (18.3 + 20.1) / 2 = 19.2
```

CaO2 என்பது தமனி ரத்தத்தின் C. அட்டவணையில் 19.2 என்பது 70-க்கும் 80-க்கும் நடுவே, 74-ஐ ஒட்டி இருக்கிறது. நல்ல பகுதி தன் PO2-ஐ 100-இலிருந்து 118-க்கு உயர்த்தியும் அதன் ரத்தத்தில் ஏறிய ஆக்சிஜன் 0.2 மி.லி. மட்டும். கெட்ட பகுதியோ 1.6 மி.லி. இழந்திருக்கிறது. வளைகோட்டின் தட்டையான மேல்பகுதியில் நிற்பவரால் செங்குத்தான சரிவில் விழுந்தவரின் கடனை அடைக்க முடியவில்லை.

காற்றின் பக்கம் பார்த்தால் கதை தலைகீழ். வெளிவரும் காற்றில் ஆ பகுதியின் பங்கு அதிகம் என்பதால் இரண்டு பகுதிகளின் காற்றைக் கலந்தால் (0.73 × 60 + 3.27 × 118) / 4 = 107. இயல்பைவிடக் காற்று நன்றாக இருக்கிறது, ரத்தம் மோசமாக இருக்கிறது. காற்றறைக்கும் தமனிக்கும் இடையே 33 இடைவெளி. ரத்தத்தின் சராசரி கெட்ட பகுதியின் பக்கமும், காற்றின் சராசரி நல்ல பகுதியின் பக்கமும் சாய்கிறது. இந்த இடைவெளி பிறக்கும் இடம் இதுதான். காற்றறைச் சுவரில் எந்தத் தடிப்பும் இல்லை, எந்தத் தந்துகியிலும் பரவல் குறையவில்லை என்பதை மறக்கக் கூடாது.

ஒரு சின்னத் திருத்தம் பாக்கி இருக்கிறது. இதுவரை சிரை ரத்தத்தின் அளவை 15.2 என்றே வைத்திருந்தோம். ஆனால் தமனியில் 19.9 இருந்த இடத்தில் 19.2 தான் வருகிறது. திசுக்களோ முன்போலவே 100 மி.லி.க்கு 4.7 எடுத்துக்கொள்ளும். அப்படியானால் சிரை ரத்தம் 14.5-க்கு இறங்கும். அந்த இளைத்த ரத்தம் அ பகுதிக்குத் திரும்பி வரும்போது அங்கே PO2 54-க்கு இறங்கிவிடுகிறது. மறுபடி கலந்தால் தமனி இன்னும் கொஞ்சம் இறங்கும். இந்தச் சுழற்சியைப் பொறுமையாகத் தொடர்ந்தால் தமனி PO2 60-களின் நடுவில் வந்து நிலைகொள்கிறது. இதயம் வேகமாக அடித்து Q-ஐக் கூட்டினால் சிரை ரத்தம் அவ்வளவு இறங்காது. இதயம் பலவீனமாக இருப்பவருக்கு இதே நுரையீரல் கோளாறு ஏன் அதிகம் உறைக்கிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. இனி வரும் கணக்குகளில் எளிமைக்காகச் சிரையை 15.2-லேயே நிறுத்திவைக்கிறேன். உண்மையில் எண்கள் இன்னும் சற்று மோசமாக இருக்கும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

நான்காம் படி: கார்பன் டை ஆக்சைடு ஏன் தப்பித்துவிடுகிறது

ஆஸ்துமா நோயாளியின் ரத்த வாயு அறிக்கையில் PO2 குறைந்திருக்கும், PCO2 இயல்பாகவோ அதைவிடக் குறைவாகவோ இருக்கும். V/Q பொருத்தமின்மை இரண்டு வாயுக்களையும் தானே பாதிக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்வி. பாதிக்கத்தான் செய்கிறது. கார்பன் டை ஆக்சைடுக்கும் அதே வகைச் சமன்பாடு உண்டு. உள்ளே வரும் காற்றில் அது கிட்டத்தட்ட இல்லை என்பதால் இன்னும் எளிது:

```
V/Q = 8.63 × (CvCO2 − CcCO2) / PACO2
```

சிரை ரத்தத்தில் 52 மி.லி., PCO2 40-இல் 48 மி.லி., அந்த வட்டாரத்தில் ஒவ்வொரு மி.மீ.க்கும் சுமார் 0.47 மி.லி. என்று எடுத்துக்கொண்டால் அ பகுதியில் PCO2 45, அளவு 50.5. ஆ பகுதியில் PCO2 36.5, அளவு 46.5. கலந்தால் 48.5. இது PCO2 41-க்குச் சமம். ஆக்சிஜன் 100-இலிருந்து 74-க்கு விழுந்த அதே நேரத்தில் இது 40-இலிருந்து 41-க்குத்தான் ஏறியிருக்கிறது.

இப்போது நோயாளி மூச்சிரைக்க ஆரம்பிக்கிறார். அடைத்த பகுதிக்குக் கூடுதல் காற்று போகாது. எல்லாம் ஆ பகுதிக்கே போகும். அதன் காற்றோட்டத்தை இரண்டு மடங்காக்குவோம், V/Q 2.62. ஆக்சிஜன் கணக்கைப் போட்டால் ஆ பகுதியின் PO2 118-இலிருந்து 133-க்கு ஏறுகிறது. ரத்தத்தின் அளவோ 20.1-இலிருந்து 20.2-க்கு. கலப்பில் 0.05 மி.லி. லாபம். அதாவது ஒன்றும் இல்லை. கார்பன் டை ஆக்சைடு கணக்கைப் போட்டால் ஆ பகுதியின் PCO2 29.5-க்கும் அளவு 43-க்கும் இறங்குகிறது. கலந்தால் சுமார் 46.8, அதாவது PCO2 37.

ஒரே முயற்சியில் ஒரு வாயு 41-இலிருந்து 37-க்குச் சரிந்துவிட்டது, மற்றது அசையவே இல்லை. காரணம் வளைகோட்டின் வடிவம் மட்டுமே. கார்பன் டை ஆக்சைடின் கோடு நாம் புழங்கும் எல்லையில் ஏறக்குறைய நேர்கோடு. அங்கே நல்ல பகுதி கெட்ட பகுதிக்காகக் கூடுதலாக வேலை செய்ய முடியும். ஆக்சிஜனின் கோடு மேலே தட்டையாகிவிடுவதால் அந்த உதவி பலிக்காது.

இதிலிருந்து ஒரு எச்சரிக்கையும் கிடைக்கிறது. மூச்சிரைத்துக்கொண்டிருக்கும் ஆஸ்துமா நோயாளியின் PCO2 34-இலிருந்து 40-க்கு, அப்புறம் 45-க்கு ஏறினால் அது "இயல்புக்குத் திரும்புகிறது" என்று பொருள் அல்ல. நல்ல பகுதியைக் கூடுதலாக ஓட்டிக்கொண்டிருந்த மூச்சுத் தசைகள் களைத்துவிட்டன என்று பொருள்.

ஐந்தாம் படி: ரத்தக் கட்டி அடைத்தால் ஆக்சிஜன் ஏன் குறைகிறது

நுரையீரல் தமனியில் ரத்தக் கட்டி வந்து அடைத்தால் அதற்கு அப்பால் உள்ள பகுதிக்குக் காற்று போகும், ரத்தம் கொஞ்சம்தான் போகும். அது வீண் காற்றோட்டம். "வீணாகப் போகும் காற்று, அதனால் ஆக்சிஜன் குறைகிறது" என்று தேர்வில் எழுதுபவர்கள் உண்டு. அந்த வாக்கியத்தில் ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது. அடைபட்ட பகுதியிலிருந்து வரும் கொஞ்ச ரத்தம் நன்றாகவே ஆக்சிஜன் ஏற்றி வருகிறது. அப்படியானால் கெட்ட ரத்தம் எங்கிருந்து வருகிறது?

நம் இரண்டு பகுதிகளையே எடுத்துக்கொள்வோம். இந்த முறை காற்று இரண்டுக்கும் சமமாக 2 லிட்டர். கட்டி ஆ பகுதியை அடைத்ததால் அங்கே 0.5 லிட்டர் ரத்தம்தான் போகிறது. இதயம் வெளியேற்றிய மீதி 4.5 லிட்டருக்கும் போக வேறு வழி இல்லை. அ பகுதிக்குத்தான் போக வேண்டும். நோயே இல்லாத அ பகுதியின் V/Q இப்போது 2 / 4.5 = 0.44. ஊகித்துப் போட்டுப் பார்த்தால் அங்கே PO2 73, C 19.1. அடைபட்ட ஆ பகுதியின் V/Q 4, PO2 139, C 20.2.

```
CaO2 = (4.5 × 19.1 + 0.5 × 20.2) / 5 = 19.2
```

மறுபடியும் 74. ஆஸ்துமாவில் வந்த அதே எண், முற்றிலும் வேறு காரணத்துக்காக. இங்கே ஆக்சிஜனைக் குறைத்தது கட்டி அடைத்த பகுதி அல்ல; அங்கிருந்து விரட்டப்பட்ட ரத்தத்தைச் சுமக்க நேர்ந்த ஆரோக்கியமான பகுதி. V/Q அதிகமான பகுதி ஓரிடத்தில் உருவானால், குறைவான பகுதி வேறோரிடத்தில் உருவாகியே தீரும். மொத்த ரத்தம் எங்காவது போகத்தானே வேண்டும். நிஜ நோயாளிகளில் மூச்சுக்குழல் சுருக்கம், சிறு சிறு இடங்களில் காற்றறைகள் சுருங்குவது, சிரை ரத்தம் இளைப்பது எல்லாம் இதோடு சேரும். ஆனால் அடிப்படை இந்த ரத்தத் திருப்பம்தான்.

ஆறாம் படி: மாஸ்க் போட்டால் யார் தேறுவார்கள்

V/Q பொருத்தமின்மையின் கடைசி எல்லை ஷன்ட். காற்றே போகாத, V/Q சைபரான பகுதி வழியாக ரத்தம் வந்துவிடுவது. நிமோனியாவில் சீழ் நிரம்பிக் கெட்டியான ஒரு மடலை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் 20 சதவீதம் அப்படிப் போகிறது, மீதி 80 சதவீதம் இயல்பாக இருக்கிறது என்றால்:

```
CaO2 = 0.8 × 19.9 + 0.2 × 15.2 = 18.96
```

PO2 69. ஆஸ்துமா நோயாளியின் 74-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அறைக் காற்றில் எடுத்த ரத்தத்தை மட்டும் வைத்து இருவரையும் பிரிக்க முடியாது. சரி, இருவருக்கும் 28 சதவீத வெஞ்சுரி மாஸ்க் போடுவோம். PIO2 0.28 × 713, அதாவது 200 ஆகிறது.

ஆஸ்துமாக்காரரின் அ பகுதியில் சூத்திரத்தின் கீழே 150-க்குப் பதில் 200 வருகிறது. ஊகித்துப் பார்த்தால் PO2 60-இலிருந்து 77-க்கு ஏறுகிறது, C 19.3. ஆ பகுதி 166, C 20.4. கலப்பு 19.85. தமனி PO2 சுமார் 97.

நிமோனியாக்காரரின் நல்ல பகுதியில் PO2 146-க்கு ஏறுகிறது, C 20.3. ஷன்ட் வழி வரும் ரத்தத்துக்கு மாஸ்க் பற்றி எதுவும் தெரியாது, அது 15.2-லேயே வருகிறது. 0.8 × 20.3 + 0.2 × 15.2 = 19.28. PO2 76.

ஒரே மாஸ்க்கில் ஒருவர் 74-இலிருந்து 97-க்கும், மற்றவர் 69-இலிருந்து 76-க்கும் போகிறார்கள். V/Q குறைந்த பகுதிக்குக் கொஞ்சமாவது காற்று போகிறது. அந்தக் கொஞ்சக் காற்றைச் சத்தாக்கினால் சரிவின் அடியில் நின்ற ரத்தம் மேலே ஏறிவிடுகிறது. ஷன்டில் ஏற வழியே இல்லை.

100 சதவீத ஆக்சிஜன் கொடுத்தால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். நைட்ரஜன் முழுதும் வெளியேறியபின் எந்தக் காற்றறையிலும் PO2 என்பது 713-இலிருந்து PCO2-ஐக் கழித்தது மட்டுமே, V/Q எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. ஆஸ்துமாக்காரர் 600-ஐத் தாண்டிவிடுவார். 20 சதவீத ஷன்ட் உள்ளவருக்கு 0.8 × 22.1 + 0.2 × 15.2 = 20.7, ஹீமோகுளோபின் பிடித்துக்கொண்ட 20.1 போக 0.6 தான் கரைந்த ஆக்சிஜன், அதாவது PO2 200. சிரை ரத்தமும் சேர்ந்து உயர்வதைக் கணக்கில் எடுத்தால் இது கூடும், ஆனாலும் 300-ஐத் தாண்டாது.

இந்த 100 சதவீதச் சோதனையில் இரண்டு பொறிகள் உண்டு. காற்று மிகக் குறைவாகப் போகும் பகுதிகளில் நைட்ரஜன் வெளியேற நேரம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் ரத்தம் எடுத்தால் V/Q குறைவு ஷன்ட் போலத் தோன்றும். மறுபக்கம், அத்தகைய பகுதிகளில் நைட்ரஜன் போய்விட்டால் காற்றறையைத் தாங்கிப்பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. உள்ளே வரும் ஆக்சிஜனைவிட ரத்தம் உறிஞ்சுவது அதிகமாகி, அறை சுருங்கி, சோதனையே அங்கே ஒரு ஷன்டை உருவாக்கிவிடும். படுக்கையருகே 28 சதவீத மாஸ்க்குக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதே எனக்குப் பிடித்த வழி.

ஏழாம் படி: படுக்கையருகே

நோயாளியின் நுரையீரலை இரண்டாகப் பிரித்துப் பார்க்க நமக்கு வழி இல்லை. கையில் இருப்பது ரத்த வாயு அறிக்கை ஒன்றுதான். 1940-களில் ரைலி, கூர்னான்ட் போன்றவர்கள் செய்த எளிமைப்படுத்தல் இன்றும் நமக்கு உதவுகிறது. எல்லாக் காற்றறைகளும் ஒரே V/Q-வில் இருந்தால் காற்றறை PO2 என்னவாக இருக்கும் என்று கணக்கிட்டு, உண்மையான தமனியோடு ஒப்பிடுகிறோம்:

```
PAO2 = FiO2 × (Pb − 47) − PaCO2 / 0.8
```

FiO2 என்பது உள்ளிழுக்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு, Pb என்பது காற்றழுத்தம், PaO2-உம் PaCO2-உம் தமனி ரத்தத்தில் உள்ள அழுத்தங்கள். இங்கே வரும் 0.8 என்பது V/Q அல்ல; உடல் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடுக்கும் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம்.

மயக்க மருந்து அதிகமாகிப் படுத்திருக்கும் ஒருவர்: PaO2 52, PaCO2 72. PAO2 = 150 − 90 = 60. இடைவெளி 8. நுரையீரலில் கோளாறு இல்லை, மூச்சு போதவில்லை. இன்னொருவர், 30 வயது, வீசிங்கோடு வந்திருக்கிறார்: PaO2 66, PaCO2 32. PAO2 = 150 − 40 = 110. இடைவெளி 44. அவர் வயதுக்கு ஏற்ற எல்லை, வயதை நான்கால் வகுத்து நான்கு கூட்டினால், 11.5. அதிகமாகவே மூச்சு விடுகிறார், ஆனாலும் ஆக்சிஜன் ஏறவில்லை. முதலாமவரின் PO2 குறைவாக இருந்தாலும் நுரையீரல் கெட்டிருப்பது இரண்டாமவருக்குத்தான்.

சூத்திரத்தில் Pb என்ற இடத்தில் 760 என்று கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. சென்னைக்கு அது பொருந்தும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் காற்றழுத்தம் 580-ஐ ஒட்டி இருக்கும். அங்கே PIO2 150 அல்ல, 112. 760 போட்டுக் கணக்குப் பார்த்தால் ஆரோக்கியமான ஓர் உதகைவாசிக்கும் 38 மி.மீ. பொய் இடைவெளி வந்து, இல்லாத நோயைத் தேடிக்கொண்டிருப்போம்.

இரண்டாவது தவறு இதைவிட அடிக்கடி நடக்கிறது. அந்த வீசிங் நோயாளிக்கு 28 சதவீத மாஸ்க் போட்டு அரை மணி கழித்து ரத்தம் எடுத்தால் PaO2 94, PaCO2 32 என்று வைத்துக்கொள்வோம். PAO2 = 200 − 40 = 160. இடைவெளி 66. "44 இருந்தது 66 ஆகிவிட்டது, மோசமாகிறது" என்று பயிற்சி மருத்துவர் பதறுவார். நம் மாதிரியிலும் அதேதான் நடந்தது: அறைக் காற்றில் இந்தச் சூத்திரப்படி 25 இருந்த இடைவெளி, மாஸ்க்கில் 50-ஐத் தாண்டியது, பங்கீட்டில் எந்த மாற்றமும் இல்லாமலே. ஆக்சிஜன் கூடும்போது காற்றறைப் PO2 தடையின்றி ஏறுகிறது, தமனியோ கெட்ட பகுதியின் இழுவையோடு ஏறுகிறது. இடைவெளியை ஒப்பிட வேண்டுமானால் ஒரே அளவு ஆக்சிஜனில் எடுத்த இரண்டு அறிக்கைகளை ஒப்பிட வேண்டும்.

இரண்டே பகுதி என்பது நாமாகப் போட்ட வேலி. நிமிர்ந்து நிற்கும் ஆரோக்கியமான நுரையீரலிலேயே உச்சியில் V/Q 3-ஐத் தாண்டும், அடியில் 0.6 அளவில் இருக்கும். 1974-இல் வாக்னர், சால்ட்ஸ்மன், வெஸ்ட் மூவரும் ரத்தத்தில் வெவ்வேறு அளவில் கரையும் ஆறு வாயுக்களைச் சிரை வழியே செலுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு வெளியேறுகிறது என்று அளந்து, நுரையீரல் முழுவதிலும் V/Q எப்படிப் பரவியிருக்கிறது என்ற தொடர்ச்சியான படத்தையே எடுத்துக்காட்டினார்கள். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே அந்த முறை பரவவில்லை.

வீசிங் நோயாளியிடம் திரும்புவோம். மாஸ்க்கில் 66-இலிருந்து 94-க்கு ஏறியதால் பெரிய ஷன்ட் இல்லை என்று தெரிந்துவிட்டது. நெபுலைசர் கொடுத்துச் சில நிமிடங்களில் மார்பில் சத்தம் குறைகிறது, ஆனால் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 97-இலிருந்து 94-க்கு இறங்குகிறது. இதுவும் V/Q தான். காற்று குறைந்த பகுதியின் ரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கி ரத்தத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டிருந்தன. சால்புட்டமால் மூச்சுக்குழல்களோடு அந்த ரத்தக்குழாய்களையும் கொஞ்சம் தளர்த்திவிட்டது. சளி இன்னும் அடைத்திருக்கும் காற்றறைகளுக்கு ரத்தம் திரும்பி ஓடுகிறது. மாஸ்க்கைக் கழற்றாமல் வைத்திருந்து, அதே 28 சதவீதத்தில் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பாருங்கள்.